கலவைப் பாடலும் மூலப் பாடலும்

பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர் பாட்டின் தலைப்புக்குக் கீழே ஒரு சிறு குறிப்பைக் காண்பர். இன்ன பாட்டின் மெட்டு என்று அக்குறிப்புக் கூறும். நாடகப் பாட்டானாலும், காவடிச் சிந்தானாலும், தேசியப் பாட்டானாலும் இம்முறை ஒன்றே. பாரதியார் தம் தேசியப் பாடல்கள் சிலவற்றைக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் மெட்டில் அமைத்தார். அமைத்ததோடு, அவ்வுண்மையைப் பாட்டின் தலையிலேயே குறித்தும் வைத்தார். பிறர் மெட்டை எடுத்தாள்வது அக்காலத்தில் குறையாக எண்ணப்படவில்லை. எடுத்த இடத்தைச் சொல்லிவிடுவது வழக்கமாக இருந்தது. படிப்பவனும் அந்த ஒரு வரியைக் கொண்டே இரண்டு பாடல்களையும் ஒப்பிட்டு, பழைய மெட்டில் ஏறிய புதிய பொருள் எத்தகையது என்று அறிந்துகொண்டான்.

இன்று ரீமிக்ஸ் என்றும் மேஷ்-அப் என்றும் வழங்கும் கலவைப் பாடல்களுக்கு அந்த ஒரு வரி பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே வெளிவந்த ஒரு பாடலைப் புதிய தாளமும் புதிய ஓசையும் சேர்த்து மாற்றியமைப்பது ரீமிக்ஸ். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாடல்களின் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியோ, அடுத்தடுத்து இணைத்தோ ஒரே பாடலாக்குவது மேஷ்-அப். புக்கிட் பெருந்துங்கிலும் கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் திருமண விருந்துகளில் ஒலிப்பன இவையே. திருவிழாக்களில் உருமி மேளக் குழுவினர் திரையிசை மெட்டில் முருகனையோ மாரியம்மனையோ பாடும்போதும் இதே கலவை வேறொரு வடிவில் நிகழ்கிறது. கேட்போர் மகிழ்கின்றனர், எது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை தடுமாறுகிறது.

இது தமிழாசிரியர்களுக்குப் புதிய சிக்கல் அன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சுட்டாத மேற்கோள்கள் நிரம்பியிருந்தன. ‘என்றார் பிறரும்’ என்ற அளவிலே உரைகாரர் நின்றுவிடுவார். அந்தப் பிறர் யாவர் என்று தேடிய தேட்டமே ஐயரைச் சங்க நூல்களின் ஏடுகளிடம் கொண்டுசேர்த்தது. சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் அச்சேறின. கலவைப் பாடலும் ஒருவகையில் பெயர் சுட்டாத மேற்கோள்களால் ஆன நூலே. அதன் மூலங்களைக் காண்பதற்கும் செவியோடு முறையும் வேண்டும்.

முறையின் முதற்படி, ஒரு பாடல் என்பது ஒரே பொருள் அன்று என்பதை உணர்வது. அதில் குறைந்தது மூன்று அடுக்குகள் உள்ளன. கவிஞர் எழுதிய சொல் ஓர் அடுக்கு; இசையமைப்பாளர் வகுத்த மெட்டு மற்றோர் அடுக்கு; பாடகரும் கருவியிசைஞரும் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒலிக்கூடத்தில் இசைத்துப் பதிந்த ஒலி மூன்றாம் அடுக்கு. இம்மூன்றும் தனித்தனியே கழன்று வரக்கூடியவை. ‘படகோட்டி’ (1964) படத்திற்காக வாலி எழுதி, விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த ‘தொட்டால் பூ மலரும்’ 2004ஆம் ஆண்டு ‘நியூ’ படத்தில் மீண்டும் வந்தது. அங்கே சொல் வாலியுடையது, மெட்டோ ஏ.ஆர். ரகுமான் புதிதாக அமைத்தது. உருமி மேளக் குழு பாடும் பக்திப் பாட்டில் இது தலைகீழாகிறது: மெட்டு திரைப்படத்தினது, சொல் புதியது. எனவே ‘இப்பாட்டின் மூலம் எது?’ என்ற கேள்வி முழுமையற்றது. சொல்லின் மூலம் எது, மெட்டின் மூலம் எது, ஒலியின் மூலம் எது என்று மும்முறை கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே விடை வந்தாலும் வரலாம். வேறு வேறு விடை வருமிடமே மேஷ்-அப்பின் இடம்.

மலேசியத் தமிழர் நன்கறிந்த எடுத்துக்காட்டு யோகி பி நட்சத்திரா குழுவினரின் ‘மடை திறந்து’. இது 2006இல் வெளிவந்த ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் உள்ளது. இதன் மூலம் பாரதிராஜா இயக்கிய ‘நிழல்கள்’ (1980) படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடல், எழுதியவர் வாலி. தலைப்பும் பல்லவியும் அப்படியே நிற்பதால் மூலத்தைக் கண்டுகொள்வது இங்கு எளிது. எனினும் எளிமையிலேயே ஓர் ஏமாற்றமும் உண்டு. பல்லவி பழையது என்று அறிந்தவர் பாட்டு முழுவதையும் பழையதாகக் கருதிவிடுகிறார். பல்லவிக்கிடையே வரும் தமிழ்ச் சொல்லிசைப் பகுதிகள் இக்குழுவினர் இயற்றியவை என்பதை மறக்கிறார். பழைய பாட்டை அறியாத இளைஞரோ பல்லவியின் சொல்லையும் இக்குழுவினருடையது என்று எண்ணுவதற்கு இடமுண்டு. ஒருவர் மலேசியக் கலைஞருக்குரியதைச் சென்னைக்குக் கொடுக்கிறார்; மற்றவர் வாலிக்குரியதைக் கோலாலம்பூருக்குக் கொடுக்கிறார். பிழை இருவரிடத்தும் ஒன்றே: பாட்டை அடுக்கடுக்காகப் பிரிக்காமை.

மூலங்கள் மறைந்து நிற்கும் கடினமான இடத்திற்கு எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘கலா’ என்ற இசைத்தொகுப்பு தக்க சான்று. இலண்டனில் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்த ஈழத்தமிழர் அவர். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரால் ‘அருளர்’ என்றும், 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரால் ‘கலா’ என்றும் பெயரிட்டார். இந்த இரண்டாம் தொகுப்பிலுள்ள மூன்று பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எடுத்தாளுதலின் மூன்று வகைகள் தெளிவாகின்றன.

முதலாவது ‘ஜிம்மி’. இது ‘டிஸ்கோ டான்சர்’ (1982) என்னும் இந்திப் படத்தில் பப்பி லகிரி இசையமைத்து, பார்வதி கான் பாடிய பாடலின் மறுவடிவம். மெட்டும், திரும்பத் திரும்ப வரும் அழைப்புச் சொல்லும் அதிலிருந்தே வருகின்றன. இடைப்பட்ட சரணங்கள் மட்டும் ஆங்கிலத்தில் புதியன. கேட்டவுடன் அடையாளம் தெரிகிறது. ஒரே மூலத்தோடு தேட்டம் முடிகிறது. இதனை மறுபாடல் எனலாமே தவிர மேஷ்-அப் எனல் பொருந்தாது.

இரண்டாவது ‘பேப்பர் பிளேன்ஸ்’. இதன் அடியில் சுழன்றுகொண்டே இருக்கும் கிட்டார் ஒலி ‘தி கிளாஷ்’ என்ற ஆங்கிலேயக் குழுவினர் 1982இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாடலிலிருந்து வெட்டியெடுத்தது. குழந்தைகள் சேர்ந்து பாடும் பல்லவியின் வாக்கிய அமைப்போ ‘ரெக்ஸ்-என்-எபெக்ட்’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘ரம்ப் ஷேக்கர்’ (1992) பாடலைத் தழுவியது. தழுவிய வாக்கியத்தில் சில சொற்கள் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வைக்கப்பட்டுள்ளன. கிட்டாரை அடையாளம் கண்டவர் தேட்டத்தை அங்கேயே நிறுத்தினால், ஓசைகள் எந்தச் சொற்களின் இருக்கையில் வந்து அமர்ந்தன என்பதை அறியமாட்டார்.

மூன்றாவது ‘பம்பூ பங்கா’. தமிழர் செவிக்கு இதுவே மிக நெருக்கமானது. ஆகவே மிக எளிதில் ஏமாற்றக்கூடியதும் இதுவே. இப்பாடலின் ஊடே தமிழ்நாட்டுத் திருவிழாத் தாளம் ஒன்று எழுகிறது. ‘தளபதி’ (1991) படத்தைப் பார்த்தவர்க்கு அது உடனே விளங்கிவிடும். மணிரத்தினம் இயக்கிய அப்படத்தில், வாலி எழுதி இளையராஜா இசையமைத்து, கே.ஜே. யேசுதாசும் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் பாடிய ‘காட்டுக்குயிலு’ பாடலின் ஒலிப்பதிவுத் துணுக்கே அது. ‘இளையராஜாவின் பாட்டு மேனாட்டில் ஒலிக்கிறது’ என்று தமிழ்க் கேட்போர் மகிழ்ந்து தேட்டத்தை முடித்துக்கொள்வர். ஆயின் தொடக்கத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

அவை ஜானதன் ரிச்மன் எழுதி, ‘மாடர்ன் லவர்ஸ்’ என்ற குழுவினர் 1972இல் ஒலிப்பதிந்து 1976இல் வெளியிட்ட ‘ரோட்ரன்னர்’ என்ற அமெரிக்கப் பாடலைத் தழுவியவை. அமெரிக்க இசையில் தோய்ந்தவர்க்கு முதற்சொல்லிலேயே இது தெரிந்துவிடும். அவரோ தாளத்தின் மூலத்தை ‘ஏதோ இந்திய இசை’ என்று கடந்துபோவார். ஆக, ஒரே பாட்டைக் கேட்கும் இரு திறத்தாரும் தத்தம் வீட்டுப் பொருளை மட்டும் அடையாளம் கண்டு, மற்றப் பாதியைப் பாடகியின் சொந்தப் படைப்பாகக் கொள்கின்றனர்.

மூலம் இரண்டையும் அறிவதால் வரும் பயன் பட்டியல் நீள்வது மட்டுமன்று. பாட்டின் பொருளே மாறுகிறது. ரிச்மன் பாடலில் ஓர் இளைஞன் இரவில் பாஸ்டன் நகரைச் சுற்றிய நெடுஞ்சாலையில் தனியே கார் ஓட்டுகிறான். வானொலி பாடுகிறது; வேகமே அவனுக்கு இன்பம். எம்.ஐ.ஏ. அந்தச் சாலையையும் வேகத்தையும் வானொலியையும் எடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்க ஆசிய நாடுகளின் பெயர்களை அதில் நிரப்புகிறார். பின்னர் விலையுயர்ந்த பெரிய காரின் கதவைத் தட்டுகின்ற ஒருவரின் குரலாகத் தம் குரலை மாற்றுகிறார். மூலத்தில் காருக்குள் இருந்தவன் பேசினான். இங்கே காருக்கு வெளியே நிற்பவர் பேசுகிறார். இந்த இடமாற்றம் ரிச்மனை அறியாதவர்க்குப் புலப்படாது. அந்த வெளியாளுக்குப் பின்னணியாக எழும் தாளமோ போகியும் பொங்கலும் கொண்டாடும் எளிய மக்களின் ஆட்டத்திற்கும், இரு நண்பரின் தோழமைக்கும் இளையராஜா அமைத்த தாளம். ‘தளபதி’யை அறியாதவர்க்கு அது வெறும் முழக்கம், அறிந்தவர்க்கு, காரின் கதவைத் தட்டும் கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே விடை. இரண்டு மூலங்களையும் ஒருசேரக் கேட்டபோதுதான் பாட்டு முழுமையாகக் கேட்கிறது.

இத்தகைய தேட்டத்தை மேற்கொள்ளும் மாணவர் முதலில் பாட்டை ஓட்டிக் கேட்டு, ஒலி மாறும் ஒவ்வோர் இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது நலம். ஒவ்வோர் இடத்திற்கும் எதிரே சொல், மெட்டு, ஒலி என மூன்று கட்டங்கள் வரைந்து, தெரிந்ததை எழுதித் தெரியாததை வெறுமையாக விட வேண்டும். வெறுங்கட்டம்தான் தேட்டத்தின் வழிகாட்டி. ‘பம்பூ பங்கா’வில் ஒலிக்கட்டத்தில் ‘காட்டுக்குயிலு’ என்று எழுதிய மாணவர், சொற்கட்டம் வெறுமையாக இருப்பதைக் கண்டால் தேட்டம் முடியவில்லை என்று தாமே உணர்வார்.

அடுத்து, வெட்டியெடுத்த ஒலியா, மீண்டும் இசைத்த ஒலியா என்று தேர வேண்டும். மனிதர் ஒருவர் பறையை நான்கு முறை அடித்தால் நான்கும் நுட்பத்தில் வேறுபடும். ஓர் அடி சற்று முந்தும், ஓர் அடி சற்று மெலியும். வெட்டியெடுத்த துணுக்கு சுழலும்போது அந்த முந்துதலும் மெலிதலும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அப்படியே திரும்பும். பாடகர் இழுத்த மூச்சும், வெட்டிய இடத்தில் அறுந்துபோன ஓர் எழுத்தின் வாலும், பழைய ஒலிநாடாவின் இரைச்சலும் உடன் வரும். இவை இருப்பின் அது பழைய பதிவே. இவை இல்லாது மெட்டு மட்டும் ஒத்திருப்பின், புதிதாக இசைத்ததாகக் கொள்ளலாம்.

வேகமும் சுருதியும் மூலத்தை மறைக்கும் இரு திரைகள். 15 நொடிக்குள் விழும் தாளத் தட்டுகளை எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்தின் வேகம் கிடைக்கும். மூலத்தில் 25 தட்டும் கலவையில் 28 தட்டும் விழுமாயின், வேகம் 100இலிருந்து 112ஆக உயர்ந்துள்ளது. இசைத்தட்டையோ ஒலிநாடாவையோ விரைவாக ஓட்டி இவ்வுயர்வைச் செய்திருந்தால் சுருதியும் உடன் உயரும். நூற்றுக்குப் பன்னிரண்டு உயர்வு ஏறத்தாழப் பன்னிரு சுரத்தானங்களில் இரண்டு படி ஏறுவதாகும். சட்சமத்தில் நின்ற குரல் சதுசுருதி ரிசபத்தில் நிற்கும். ஆண்குரல் மெலிந்து சிறுவர் குரல்போல் ஒலிப்பதற்கு இதுவே காரணம். இன்றைய கணினிக் கருவிகளோ வேகத்தை மாற்றாமல் சுருதியையும், சுருதியை மாற்றாமல் வேகத்தையும் தனித்தனியே மாற்றவல்லவை. ஆதலால் சுருதி வேறுபட்டது என்ற ஒன்றையே காரணமாக்கி ஒரு மூலத்தைத் தள்ளிவிடலாகாது. ஐயுற்ற மூலத்தையும் கலவையின் வேகத்திற்குக் கொண்டுவந்து, இரண்டையும் அருகருகே ஒலிக்கச் செய்து கேட்பதே சோதனை.

கைப்பேசியில் பாட்டின் பெயர் கூறும் செயலிகள் இவ்வேலையைச் செய்துவிடும் என்று கருதுவோர் உண்டு. அவை ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவின் அடையாளத்தைச் சேமித்து வைத்து, கேட்கும் ஒலியை அதனோடு பொருத்திப் பார்ப்பவை. எனவே கலவைப் பாடலைக் கேட்கவைத்தால் அக்கலவையின் பெயரையே கூறும். ஓங்கி ஒலிக்கும் ஒரு மூலத்தைக் கூறுவதும் உண்டு. தழுவிய சொல்லையும், புதிய குரலில் பாடிய பழைய மெட்டையும் அவ்வகைப் பொருத்தம் காட்டாது. ‘பம்பூ பங்கா’வில் ரிச்மனைக் காட்ட வேண்டியது பாட்டறிவுள்ள மனிதச் செவியே.

மிகைபடக் காண்பதும் குறைபடக் காண்பதைப் போன்ற குற்றமே. இரு பாடல்கள் ஒத்து ஒலிப்பதனால் மட்டும் ஒன்று மற்றொன்றின் மூலமாகிவிடாது. ‘திருவருட்செல்வர்’ (1967) படத்தின் ‘மன்னவன் வந்தானடி’யும் ‘தாய் மூகாம்பிகை’ (1982) படத்தின் ‘ஜனனி ஜனனி’யும் கல்யாணி இராகத்தில் அமைந்தவை. முன்னதற்கு இசை கே.வி. மகாதேவன், பின்னதற்கு இளையராஜா. இரண்டிலும் அதே ஏழு சுரங்கள் நடமாடுவதால் ஒருவகைச் சாயல் தோன்றும். ஆயின் இராகம் பொதுச்சொத்து. வெண்பாவில் எழுதியவர் எல்லாரும் திருக்குறளைத் தழுவியவர் ஆகார். பொதுவான தாளக்கட்டுக்கும் இதுவே விதி. சுரங்கள் ஒரே வரிசையில், ஒரே கால அளவில், நீண்ட ஒரு தொடராக ஒத்து வந்தாலன்றித் தழுவல் என்று தீர்ப்புக் கூறலாகாது.

கண்ட மூலத்திற்கும் ஒரு மூலம் இருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. ரிச்மனின் ‘ரோட்ரன்னர்’ பாடலே தன் கிட்டார் ஓட்டத்தை ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ குழுவினரின் ‘சிஸ்டர் ரே’ (1968) பாடலின் சாயலில் அமைத்துக்கொண்டது. ஆயின் எம்.ஐ.ஏ. ரிச்மனிடமிருந்து சொல்லையே எடுத்தார். கிட்டார் ஓட்டத்தை எடுக்கவில்லை. எனவே ‘சிஸ்டர் ரே’ ‘ரோட்ரன்னரின்’ மூலமேயன்றிப் ‘பம்பூ பங்கா’வின் மூலம் அன்று. எந்த அடுக்கு கைமாறியது என்று பாராமல் சங்கிலியை நீட்டிக்கொண்டே போனால், உலகப் பாடல் ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு மூலமாகிவிடும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்ற வினா எழலாம். கலவைப் பாடலில் முதலில் மறைவது கவிஞரின் பெயர். ஒலித்துணுக்கைக் கண்டவர் இசையமைப்பாளரைச் சொல்கிறார்; குரலைக் கண்டவர் பாடகரைச் சொல்கிறார். ‘மடை திறந்து’, ‘காட்டுக்குயிலு’, ‘தொட்டால் பூ மலரும்’ ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளில் புதிய பாடல்களுக்குள் நுழைந்தன. மூன்றையும் எழுதியவர் வாலி என்பது இவற்றைக் கேட்டு ஆடுவோர் பலரின் நினைவில் இல்லை. அதேவேளை ‘காட்டுக்குயிலு’ பாடலிலிருந்து எம்.ஐ.ஏ. எடுத்தது ஒலியே, வாலியின் பாட்டுப்பொருள் அன்று என்று சொல்வதும் நேர்மையாகும். உரியவர்க்கு உரியதைத் தருவதோடு, உரியதல்லாததைத் தராமையும் திறனாய்வின் கடமை.

ஆகவே வகுப்பறையில் இப்பாடல்களை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் புதிய முறை எதையும் தேட வேண்டியதில்லை. பழைய பாட்டுப் புத்தகத்தின் அந்த ஒரு வரியை மாணவர் எழுதினால் போதும். மூன்று அடுக்குக்கு மூன்று தொடராக எழுத வேண்டும், அவ்வளவே. ‘பம்பூ பங்கா: ஒலி, இளையராஜாவின் காட்டுக்குயிலு, தளபதி, 1991, தொடக்கச் சொல், ஜானதன் ரிச்மனின் ரோட்ரன்னர், 1976, தழுவல், ஏனைய சொல், மாதங்கி அருள்பிரகாசம், 2007.’ பாரதியார் தம் பாட்டின் தலையில் எழுதியதும் இதுபோன்ற ஒரு வரியைத்தான்.